k பூஜ்ஜியமானால்?

"நெருங்கும், ஆனால் ஆகாது." டியூஷன் எடுத்த காலம் முழுக்க நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். வகைக்கெழுவின் வரையறையில் வருகிற h பூஜ்ஜியத்தை நெருங்கும், பூஜ்ஜியம் ஆகாது, அதனால் தைரியமாக h-ஆல் வகுக்கலாம். வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பல வருடங்களாக, பொருந்தாத ஓர் இடத்திலும் சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறேன். அது போன மாதம்தான் உறைத்தது. உறைக்க வைத்தவள் அக்கா மகள். கணிதத்தில் முதலாமாண்டு.

அவளுக்கு நான் கொடுத்திருந்த வேலை எளிமையானது. பாடநூலில் இருக்கிற ஒரு நிரூபணத்தை எடு. ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் பென்சிலால் காரணம் எழுது. காரணம் என்றால் ஒரு வரையறையின் பெயர், ஒரு தேற்றத்தின் பெயர், அல்லது இயற்கணித விதி. "சுருக்க", "எளிதில் காணலாம்", "எனவே" இதெல்லாம் காரணம் இல்லை. பெயர் எழுதியதும் அந்த விதியைப் புரட்டிப் பார்த்து, "எனில்" என்று தொடங்கும் அதன் நிபந்தனை இந்த வரியில் நிறைவேறுகிறதா என்றும் பார்க்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். நானும்தான்.

எவ்வளவு ஆழத்துக்குக் காரணம் சொல்வது என்பதில் முதல் நாள் கொஞ்சம் சண்டை. அவள் a + b = b + a என்பதற்கெல்லாம் காரணம் எழுதி, அரைப் பக்க நிரூபணத்துக்கு நான்கு பக்கம் நிரப்பிவிட்டாள். மெய்யெண்களின் கூட்டல், பெருக்கலை அப்படியே எடுத்துக்கொள், இந்தப் பாடத்தில் புதிதாக வந்த வரையறைகளிலும் தேற்றங்களிலும் கவனம் வை என்று ஒரு கோடு போட்டேன். ஒரு விதிவிலக்கு: வகுத்தல். வகுத்தல் வருகிற இடத்திலெல்லாம் நின்று, கீழே இருப்பது பூஜ்ஜியம் இல்லை என்று யார் சொன்னது எனக் கேட்கவேண்டும். இந்த விதிவிலக்கைப் போட்டவன் நான். அதில் மாட்டியவனும் நான்.

## ஐந்து வரிகள்

அன்றைக்கு எடுத்தது சங்கிலி விதி. y = f(u), u = g(x). g என்பது x-இல் வகையிடத்தக்கது, f என்பது u = g(x)-இல் வகையிடத்தக்கது. அப்படியானால் சேர்ப்புச் சார்பின் வகைக்கெழு f′(u) · g′(x). அவள் புத்தகத்திலும், நான் படித்த புத்தகத்திலும், என் பழைய நோட்டிலும் நிரூபணம் ஒன்றேதான். k = g(x+h) − g(x) என்று வைத்துக்கொண்டால்:

```
(1)  dy/dx = lim(h→0) [f(u+k) − f(u)] / h
(2)        = lim(h→0) [f(u+k) − f(u)]/k · k/h
(3)        = lim(h→0) [f(u+k) − f(u)]/k · lim(h→0) k/h
(4)        = lim(k→0) [f(u+k) − f(u)]/k · lim(h→0) k/h
(5)        = f′(u) · g′(x)
```

பார்ப்பதற்கு அழகான நிரூபணம். dy/dx = dy/du · du/dx என்பதில் du அடிபட்டுப் போவதுபோல் மனசுக்குள் ஒரு படம் ஏற்கெனவே இருக்கும். இந்த ஐந்து வரிகள் அந்தப் படத்துக்கு முறையான சட்டை போட்டுவிடுகின்றன. அதனால்தான் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

ஓரத்தில் அவள் எழுதியிருந்ததை வரிசையாகப் பார்த்தேன். முதல் வரிக்கு "வகைக்கெழுவின் வரையறை". சரி. g(x+h) = u + k என்பது k-யின் வரையறையிலிருந்து வருகிறது என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ஐந்தாம் வரிக்கும் வகைக்கெழுவின் வரையறைதான், இரண்டு முறை. மூன்றாம் வரிக்கு "பெருக்கலின் எல்லை = எல்லைகளின் பெருக்கல்; இரண்டு எல்லைகளும் இருந்தால்". அந்த "இருந்தால்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு. இதையும் பாராட்டவேண்டும். மூன்றாம் வரியில் நிற்கும்போது அந்த எல்லைகள் இருக்கின்றன என்று இன்னும் தெரியாது, அடுத்த இரண்டு வரிகள் சொல்லித்தான் தெரியும். இப்படிப்பட்ட சமன்பாட்டுச் சங்கிலியைக் கீழிருந்து மேலாகப் படித்தால்தான் அது நியாயம். பெரும்பாலான புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை. ஆனால் அது எழுதும் முறையில் உள்ள சோம்பல், பிழை அல்ல.

நான்காம் வரிக்கு "g தொடர்ச்சியானது, எனவே h→0 எனில் k→0". தொடர்ச்சி எங்கிருந்து வந்தது? வகையிடத்தக்கது என்பதிலிருந்து: k = (k/h) · h, முதல் காரணி g′(x)-ஐ நெருங்குகிறது, இரண்டாவது பூஜ்ஜியத்தை, ஆகவே பெருக்கல் பூஜ்ஜியத்தை. அதையும் எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், இரண்டாம் வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"இதுக்கு ஏன் எழுதல? k-ஆல பெருக்கி k-ஆல வகுத்திருக்கு, அவ்வளவுதானே?"

"அது தெரியுது மாமா. k பூஜ்ஜியமா இருந்தா?"

"ஆகாதும்மா. எல்லைதானே, நெருங்கும், ஆனா ஆகாது."

"அது h-க்கு மாமா. நான் k-யைக் கேக்கறேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

## இரவல் வாங்கிய வாக்கியம்

அந்த மௌனத்தைப் பிறகு பலமுறை திருப்பிப் பார்த்தேன். h பூஜ்ஜியம் ஆகாது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? எல்லையின் வரையறையை வைத்து. அங்கே 0 < |h| < δ என்று எழுதியிருக்கிறது. அந்த இடதுபக்க "0 <" தான் h-ஆல் வகுக்க நமக்குக் கிடைத்த உரிமம். h என்பது நாம் தேர்ந்தெடுக்கிற மாறி, பூஜ்ஜியத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டாம் என்று வரையறையே சொல்லிவிடுகிறது. k அப்படி இல்லை. k-யை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. h-ஐத் தேர்ந்தெடுத்ததும் g சொல்கிற மதிப்புதான் k. "h→0 எனில் k→0" என்ற வாக்கியத்தின் இரண்டு அம்புக்குறிகளும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் ஒன்றில்லை. முதல் அம்பு "பூஜ்ஜியத்தைத் தவிர்த்துக்கொண்டு நெருங்குகிறேன்" என்கிறது. இரண்டாவது, "|k| எவ்வளவு வேண்டுமானாலும் சிறியதாகிவிடும்" என்று மட்டுமே சொல்கிறது. பூஜ்ஜியத்தைவிடச் சிறிய |k| கிடையாது. k பூஜ்ஜியமாகவே உட்கார்ந்திருந்தாலும் அந்த வாக்கியம் உண்மைதான்.

ஆக, h-க்கு உரிய வாக்கியத்தை k-க்கு இரவல் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒருமுறை இரண்டுமுறை இல்லை.

k உண்மையில் பூஜ்ஜியமாகுமா என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். g(x) = 5 என்று வைத்தால் எல்லா h-க்கும் k = 0. இரண்டாம் வரி முழுக்க 0/0. மாறிலிச் சார்புக்குக்கூட வேலை செய்யாத நிரூபணத்தை வைத்துக்கொண்டுதான் sin(x²)-ஐ வகையிட்டுக்கொண்டிருந்தோம். நான் உடனே தற்காப்பில் இறங்கினேன். மாறிலி ஒரு தனிக்கேஸ், அதற்கு விடை பூஜ்ஜியம் என்று நேரடியாகவே தெரியும், அதை ஒதுக்கிவிட்டால் மீதிக்கு நிரூபணம் சரி. மாறிலியாக இல்லாத சார்பில் k எங்கேயோ ஓரிடத்தில் பூஜ்ஜியமானால் என்ன, δ-வைக் கொஞ்சம் சுருக்கி அந்த இடத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடலாமே?

இது பாதி சரியான பதில். எந்தப் பாதி என்பதைக் காட்ட ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. g(x) = x² sin(1/x), பூஜ்ஜியத்தில் மட்டும் g(0) = 0. இதன் வகைக்கெழுவை x = 0-இல் பார்த்தால், k/h = h sin(1/h). சைன் எப்போதும் −1-க்கும் 1-க்கும் நடுவே இருப்பதால் இதன் அளவு |h|-ஐத் தாண்டாது; எனவே g′(0) = 0. வகையிடத்தக்க சார்புதான், தேற்றத்தின் நிபந்தனையில் குறையில்லை. ஆனால் h = 1/(nπ) ஆகும்போதெல்லாம் sin(1/h) = sin(nπ) = 0, ஆகவே k = 0. n = 10 எனில் h சுமார் 0.0318. n = 100 எனில் 0.00318. n = 1000 எனில் 0.000318. δ-வை எவ்வளவு சுருக்கினாலும் அதற்குள் இப்படிப்பட்ட h-கள் எண்ணிலடங்காமல் இருக்கும். தாண்டி உள்ளே வர இடமே இல்லை.

வரைந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். y = x² என்ற கோட்டுக்கும் y = −x² என்ற கோட்டுக்கும் நடுவே அலைந்துகொண்டு, ஆதிப்புள்ளியை நெருங்க நெருங்க இன்னும் வேகமாக x-அச்சை வெட்டிக்கொண்டே போகும் வரைபடம்.

## நான்காம் வரியிலும் அதே ஓட்டை

கொஞ்ச நேரம் கழித்து நான்காம் வரிக்குத் திரும்பினோம். அங்கே அவள் எழுதிய காரணம் முழுமையானதாக எனக்குத் தோன்றியது. ஆனால் "h→0 எனில் k→0" என்பது ஒரு தகவல். அதை வைத்து lim-க்குக் கீழே உள்ள h-ஐ k-யாக மாற்றலாம் என்பது ஒரு விதி. அந்த விதிக்குப் பெயர் எழுதவில்லை. அது சேர்ப்பின் எல்லை பற்றிய தேற்றம். அதைப் புரட்டினால் ஒரு "எனில்" இருக்கிறது: உள்ளே உள்ள சார்பு, நெருங்குகிற மதிப்பை அருகில் எங்கும் எட்டக்கூடாது, அல்லது வெளியே உள்ள சார்பு அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாக இருக்கவேண்டும். இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

இரண்டும் இல்லாவிட்டால் விதி பொய்யாகிவிடும். k = 0-இல் மட்டும் 1 என்றும், மற்ற எல்லா k-க்கும் 0 என்றும் மதிப்புத் தரும் φ என்ற சார்பை எடுங்கள். k→0 எனில் φ(k)-யின் எல்லை 0. ஆனால் k = h² sin(1/h) என்று உள்ளே போட்டால் φ(k) ஒரு h-க்கு 0, அடுத்த h-க்கு 1 என்று தாவிக்கொண்டே இருக்கும், எல்லையே இல்லை. மாறி மாற்றுவது வெறும் பெயர்மாற்றம் என்று நினைப்பவர்களுக்கு இந்த உதாரணத்தைக் காட்டுவேன். நானும் அப்படி நினைத்தவன்தான்.

நம் நிரூபணத்தில் வெளியே இருக்கிற சார்பு [f(u+k) − f(u)]/k. அது k = 0-இல் தொடர்ச்சியானதா என்ற கேள்விக்கே இடமில்லை, அங்கே அதற்கு மதிப்பே கிடையாது. இரண்டாம் வரியும் நான்காம் வரியும் வெவ்வேறு விதிகளைக் கூப்பிட்டாலும் இரண்டும் தடுக்கி விழுவது ஒரே புள்ளியில், k = 0.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சங்கிலி விதி உண்மை. x² sin(1/x)-ஐ உள்ளே வைத்தாலும் உண்மைதான். உடைந்தது தேற்றம் அல்ல, அதற்குக் கொடுத்த காரணம். அக்கா மகள் இதில்தான் குழம்பினாள். "அப்போ விதி தப்பா மாமா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் ஒரு நொடி நப்பாசை தெரிந்தது, தேர்வில் ஒரு தலைப்பு குறையுமோ என்று. ஓரத்தில் காரணம் இல்லாத வரி பொய்யான வரி என்று அர்த்தமில்லை. நம்மிடம் இருக்கிற காரணம் போதவில்லை, அவ்வளவுதான்.

## வகுக்காமல் இருப்பது

எவ்வளவு உடைந்தது என்று அளந்து பார்த்தோம். g′(x) பூஜ்ஜியம் இல்லையென்றால் புத்தக நிரூபணம் ஒரு வரி சேர்த்தாலே பிழைத்துக்கொள்ளும். k/h என்பது பூஜ்ஜியமல்லாத ஓர் எண்ணை நெருங்குகிறது என்றால், h போதுமான அளவு சிறியதானதும் k/h பூஜ்ஜியமாக இருக்கமுடியாது, எனவே k-யும் பூஜ்ஜியமில்லை. நான் தற்காப்பாகச் சொன்ன "δ-வைச் சுருக்கிக்கொள்ளலாம்" என்பது இந்தப் பாதிக்குச் சரி. மாறிலிச் சார்பிலும் சரி, அந்த அலையும் சார்பிலும் சரி, g′ = 0. சிக்கல் மொத்தமும் அங்கேதான் குடியிருக்கிறது. அந்தக் கேஸைத் தனியாக எடுத்து, k = 0 ஆகிற h-களில் முதல் வரியின் தொகுதியே பூஜ்ஜியம் என்றும், மற்ற h-களில் பழைய வழி சரி என்றும் காட்டி முடிக்கலாம். முடியும், ஆனால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

இன்னொரு வழி இருக்கிறது, பகுப்பாய்வுப் புத்தகங்கள் எடுக்கிற வழி. எனக்கு அது பட்டப்படிப்பிலேயே கற்பிக்கப்பட்டது. ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று எரிச்சலோடு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஓட்டையைப் பார்த்த பிறகு அந்தச் சுற்றல் முழுக்கவும் புரிந்தது. k = 0-இல் மதிப்பு இல்லை என்பதுதானே தொல்லை? மதிப்பைக் கொடுத்துவிடு.

```
Q(k) = [f(u+k) − f(u)] / k    (k ≠ 0)
Q(0) = f′(u)
```

இப்போது ஒவ்வொரு வரியாக ஓரத்தில் எழுதுவோம். f(u+k) − f(u) = Q(k) · k. இது எல்லா k-க்கும் உண்மை. k ≠ 0 எனில் Q-வின் வரையறை. k = 0 எனில் இடது பக்கம் f(u) − f(u) = 0, வலது பக்கம் f′(u) · 0 = 0. வகுத்தல் பெருக்கலாக மாறிவிட்டது, பெருக்கலுக்கு உரிமம் தேவையில்லை. Q(0)-க்கு f′(u) என்ற மதிப்பைக் கொடுத்தது இந்த வரிக்காக இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே எந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும் சமன்பாடு நின்றிருக்கும். அது தேவைப்படுவது இரண்டு வரி தள்ளி.

அடுத்து, இருபுறமும் h-ஆல் வகுக்கிறோம்: [f(u+k) − f(u)]/h = Q(k) · k/h. உரிமம்: எல்லையின் வரையறை, h ≠ 0. இங்கே அந்த வாக்கியம் தன் சொந்த வீட்டில் இருக்கிறது.

அடுத்து எல்லை. k/h → g′(x), வரையறை. Q(k) எதை நெருங்குகிறது? k→0 எனில் Q(k) → f′(u), இது f-இன் வகைக்கெழுவின் வரையறை. Q(0)-வும் f′(u)-தான். ஆகவே Q என்ற சார்பு 0-இல் தொடர்ச்சியானது. நாம் கொடுத்த மதிப்பு சம்பளம் வாங்குவது இந்த இடத்தில்தான். இப்போது சேர்ப்பின் எல்லைத் தேற்றத்தைக் கூப்பிடலாம். வெளியே உள்ள சார்பு தொடர்ச்சியானது என்பதால் k வழியில் எத்தனை முறை பூஜ்ஜியத்தைத் தொட்டாலும் கவலையில்லை. h→0 எனில் Q(k) → Q(0) = f′(u). கடைசியாகப் பெருக்கலின் எல்லை, இரண்டு எல்லைகளும் இருக்கின்றன என்று இம்முறை முன்கூட்டியே தெரியும். விடை f′(u) · g′(x).

ஓரத்தில் வெற்றிடம் இல்லை. பழைய நிரூபணத்தைவிட இரண்டு வரிதான் அதிகம். g′ பூஜ்ஜியமா இல்லையா என்று கேட்கவே இல்லை.

இதைப் பள்ளிப் புத்தகத்தில் போடாதது தவறு என்று நான் சொல்லமாட்டேன். சங்கிலி விதியை முதன்முறை பார்ப்பவருக்கு Q எங்கிருந்து முளைத்தது என்பதே பெரிய திகைப்பாகிவிடும். ஆனால் "k ≠ 0 என்க, மற்ற நிலையைப் பின்னர் காண்போம்" என்று அரை வரி போட்டிருக்கலாம். சில புத்தகங்கள் போடுகின்றன. போடாத புத்தகத்தில் படித்தவர்கள் என்னைப் போல, வாக்கியத்தை இரவல் கொடுத்து இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார்கள். அப்படி நிரப்பியது நினைவில்கூட இருப்பதில்லை.

மறுநாள் அவள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள். நேர்மாறு சார்பின் வகைக்கெழு. y = g(x) என்பதற்கு நேர்மாறு இருக்கிறது, x தொடர்ச்சியாக y-ஐச் சார்ந்திருக்கிறது, g′(x) பூஜ்ஜியமில்லை; dx/dy = 1/g′(x) என்று காட்டவேண்டும். அங்கேயும் y-யில் ஏற்படும் மாற்றம் k, x-இல் ஏற்படும் மாற்றம் h, நிரூபணத்தின் நடுவே h/k = 1/(k/h) என்று ஒரு வரி. இம்முறை வரையறை பூஜ்ஜியமில்லை என்று சொல்லித்தருவது k-யை, சந்தேகப்படவேண்டியது h-ஐ. பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன. பழக்கதோஷத்தில் "h ஆகாது" என்று தாண்டிப்போயிருந்தால் மறுபடியும் அதே இரவல்தான். ஓரத்தில் பார்த்தேன். பென்சிலில் எழுதியிருந்தாள்: "h = 0 எனில் k = g(x) − g(x) = 0. k ≠ 0 என்பது வரையறை. ஆகவே h ≠ 0."

கடைசி வரியில் 1/(k/h)-இன் எல்லையை எடுக்கிற இடத்தில் "வகுத்தலின் எல்லை, பகுதியின் எல்லை g′(x) ≠ 0, கொடுக்கப்பட்டது" என்று இருந்தது. அதற்கு முந்தைய வரியில் k→0 என்பதை h→0 என்று மாற்றிய இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "உள்ளே உள்ளது பூஜ்ஜியத்தை எட்டாது, மேலே பார்" என்று அம்புக்குறி போட்டிருந்தாள்.